கண்ணாடிப் பலகையை உள்ளே இழுப்பது யார்?



இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. இயற்பியல்தான். அண்ணிமார்களும் சித்தப்பாக்களும் எண்கள் வரும் இடத்தைத் தாண்டிப் போய்விடலாம். கடைசியில் வரும் பாஸ்புக் கதை உங்களுக்கும் புரியும்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது அவளே பிளஸ் டூ வகுப்புக்கு இயற்பியல் எடுக்கும் டீச்சர். நலம் விசாரித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தாள். "சார், மின்தேக்கி பாடத்துல ஒரு பொண்ணு கேள்வி கேட்டு என்னை நிறுத்திட்டா. மின்கலம் இணைச்சிருந்தா குறி மாறும், அதை அப்படியே மனப்பாடம் பண்ணிக்கோன்னு சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு சரின்னு உட்கார்ந்துட்டா. ஆனா அவ முகத்தைப் பார்த்தா, நம்பலைன்னு தெரிஞ்சுது சார்."

அந்தப் பெண் கேட்டது இதுதான். இரண்டு உலோகத் தகடுகள் எதிரெதிரே இருக்கின்றன. அவற்றுக்கு மின்னூட்டம் கொடுத்து, மின்கலத்தைக் கழற்றிவிடுகிறோம். இப்போது ஒரு கண்ணாடிப் பலகையின் முனையைத் தகடுகளின் நடுவே வைத்தால், பலகை உள்ளே இழுக்கப்படும். காரணம் சுலபம்: பலகை உள்ளே போகப் போக, தேக்கி வைத்த ஆற்றல் குறைகிறது. மலை உச்சியிலிருந்து கல் உருளுவது போல, எதுவும் ஆற்றல் குறையும் பக்கம்தானே போகும். சரி, மின்கலத்தைக் கழற்றாமல் விட்டால்? மின்னழுத்தம் மாறாது. பலகை உள்ளே போகப் போக மின்தேக்குத்திறன் கூடும், ஆகவே தேக்கிய ஆற்றலும் கூடும். "அப்படின்னா டீச்சர், இப்ப பலகை வெளியேதானே தள்ளப்படணும்?"

எவ்வளவு நேர்மையான கேள்வி பாருங்கள். முதல் வரியில் நாம் சொல்லிக்கொடுத்த அதே விதியைத்தான் அவள் இரண்டாவது வரியிலும் பயன்படுத்தியிருக்கிறாள். பதில் தவறு. ஆனால் தவறு எங்கே இருக்கிறது என்று காட்டாமல் "குறி மாறும்" என்று சொன்னால், விதி ஒரு நாளைக்கு ஒரு மாதிரி இருக்கும் என்றுதான் அவள் புரிந்துகொள்வாள். அதற்குப் பிறகு எந்த விதியை நம்புவாள்?

முதலில், கணக்கே போடாமல் ஒன்றை யோசிப்போம். பலகை பாதி உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தகடுகளுக்கு இடையே 1000 வோல்ட். மின்கலம் கம்பியோடு இணைந்திருக்கிறது. நான் பலகையைக் கையால் அசையாமல் பிடித்திருக்கிறேன். இப்போது நீங்கள் போய் சுவிட்சை அணைத்து, மின்கலத்தைத் துண்டிக்கிறீர்கள். தகடுகளின் மீதிருந்த மின்னூட்டம் எங்கே போகும்? எங்கும் போகாது. மின்னழுத்தம்? அதே 1000 வோல்ட். தகடுகளின் நடுவே உள்ள மின்புலம்? ஒரு புள்ளியில்கூட மாறவில்லை. கண்ணாடியின் மூலக்கூறுகளுக்குத் தெரிவதெல்லாம் தங்களைச் சுற்றியுள்ள மின்புலம் மட்டும்தான். சுவரோரத்தில் ஒரு சுவிட்ச் இருப்பதும், அது அணைக்கப்பட்டதும் அவற்றுக்குத் தெரிய வழியே இல்லை. ஆகவே சுவிட்சை அணைப்பதற்கு முன்னும் பின்னும் என் கையில் உணரும் விசை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். துண்டித்தால் உள்ளே இழுக்கும், இணைத்தால் வெளியே தள்ளும் என்பது நடக்கவே முடியாத காரியம்.

இந்த ஒரு பத்தியை அந்தப் பெண்ணிடம் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, "அப்படியானால் ஆற்றல் கூடுகிறதே, அது எப்படி?" என்பது. அதற்கு எண்களை எடுத்துக்கொள்வோம்.

20 செ.மீ. பக்கமுள்ள இரண்டு சதுரத் தகடுகள். இடைவெளி 2 மி.மீ. காற்று மட்டும் இருக்கும்போது இதன் மின்தேக்குத்திறன் 177 பிகோஃபாரட் வரும். உள்ளே போகும் கண்ணாடிக்கு ஒப்புமை விடுதிறன் 5 என்று வைத்துக்கொள்வோம். இடைவெளியை அது அப்படியே நிரப்புகிறது, ஆனால் உராய்வு இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். பலகை முழுக்க உள்ளே போய்விட்டால் மின்தேக்குத்திறன் ஐந்து மடங்கு, அதாவது 885 பிகோஃபாரட். மின்னழுத்தம் 1000 வோல்ட். ஆய்வகத்தில் இதற்கு உயர் மின்னழுத்த பவர் சப்ளை வேண்டும். நான் பழக்கதோஷத்தில் மின்கலம் என்றே சொல்கிறேன்.

முதலில் மின்கலத்தைக் கழற்றிய நிலை. பலகை வெளியே இருக்கும்போது தகடுகளில் 177 நானோகூலூம் மின்னூட்டம், தேக்கிய ஆற்றல் 88.5 மைக்ரோஜூல். பலகை உள்ளே போனதும் அதே மின்னூட்டம் ஐந்து மடங்கு பெரிய மின்தேக்குத்திறனில் இருக்கிறது. ஆகவே மின்னழுத்தம் 200 வோல்ட்டாக இறங்கிவிடுகிறது. ஆற்றல் 17.7 மைக்ரோஜூல். குறைந்தது 70.8 மைக்ரோஜூல். அது பலகையை இழுத்த வேலையாகப் போயிற்று. வரவு செலவு நேராகிவிட்டது. இங்கே யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இப்போது மின்கலம் இணைந்திருக்கும் நிலை. மின்னழுத்தம் 1000 வோல்ட்டிலேயே நிற்கிறது. பலகை உள்ளே போன பிறகு மின்னூட்டம் 885 நானோகூலூம், தேக்கிய ஆற்றல் 442.5 மைக்ரோஜூல். அதாவது 88.5-லிருந்து 354 மைக்ரோஜூல் கூடியிருக்கிறது. அந்தப் பெண் பார்த்தது இந்த 354-ஐத்தான். அவள் பார்க்காதது மின்கலத்தை. கூடுதலாக வந்த 708 நானோகூலூம் மின்னூட்டத்தை 1000 வோல்ட் ஏற்றத்தில் தூக்கி அனுப்பியது மின்கலம். அதற்கு அது செலவழித்தது 708 மைக்ரோஜூல். தகடுகளில் சேர்ந்தது 354. மீதி 354 எங்கே? பலகையை உள்ளே இழுத்த வேலை அதுதான்.

இது தற்செயலாக அமைந்த சமபங்கு இல்லை. எந்த அளவு தகடு, எந்தப் பொருள் எடுத்தாலும் இப்படித்தான் வரும். கூடுதல் மின்னூட்டம் dQ வந்தால் மின்கலம் கொடுப்பது V dQ. மின்தேக்கியில் சேர்வது ½ V dQ. எப்போதும் பாதி சேமிப்பு, பாதி வேலை. மின்கலத்தில் குறைந்ததையும் மின்தேக்கியில் கூடியதையும் சேர்த்துப் பார்த்தால், மொத்தத்தில் ஆற்றல் குறைந்துதான் இருக்கிறது. கல் மலையிலிருந்து கீழேதான் உருளுகிறது. விதி மாறவில்லை, நாம்தான் மின்கலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டோம்.

இதனால்தான் புத்தகத்தில் இரண்டு சூத்திரங்கள் இருக்கும். மின்னூட்டம் மாறாதபோது F = −dU/dx. மின்னழுத்தம் மாறாதபோது F = +dU/dx. இரண்டாவதில் உள்ள + குறி, மின்கலத்தின் செலவையும் உள்ளே சேர்த்த பிறகு மிஞ்சுகிற குறி. இரண்டையும் முழுக்க எழுதிப் பார்த்தால் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்:

F = ½ V² dC/dx

இங்கே V என்பது அந்த நொடியில் தகடுகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தம். அது மின்கலத்தால் வந்ததா, விட்டுவைத்த மின்னூட்டத்தால் வந்ததா என்று இந்தச் சூத்திரம் கேட்பதே இல்லை.

அப்படியென்றால் இரண்டு நிலைக்கும் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. அடுத்த நொடியில்தான் இருக்கிறது. பலகையின் முனை உள்ளே நுழைந்த ஆரம்பத்தில் இரண்டிலும் 1000 வோல்ட், இரண்டிலும் விசை 1.77 மில்லிநியூட்டன். மின்கலம் இருந்தால் பலகை எவ்வளவு தூரம் போனாலும் மின்னழுத்தம் அதேதான். ஆகவே விசையும் அதே 1.77. அதை 20 செ.மீ.-ஆல் பெருக்கிப் பாருங்கள், மேலே சொன்ன 354 மைக்ரோஜூல் வரும். மின்கலம் இல்லாவிட்டால் பலகை போகப் போக மின்னழுத்தம் விழுகிறது. பாதி தூரத்தில் 333 வோல்ட். விசை ஒன்பதில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 0.2 மில்லிநியூட்டன். முழுக்க உள்ளே போவதற்குள் இருபத்தைந்தில் ஒரு பங்கை நெருங்கிவிடும். ஆரம்பத்தில் ஒன்றாக இருந்த இழுப்பு, ஒன்றில் அப்படியே நிற்கிறது, இன்னொன்றில் ஓய்ந்துபோகிறது. திசை மட்டும் இரண்டிலும் உள்நோக்கியே.

இங்கே சில கெட்டிக்கார மாணவர்கள் இன்னொரு இடத்தில் வழுக்குவார்கள். வெறும் மின்தேக்கியை மின்கலத்தோடு கம்பியால் இணைத்து மின்னேற்றம் செய்தாலும் பாதி ஆற்றல் தொலைகிறது, அது கம்பியில் வெப்பமாகப் போகிறது என்று படித்திருப்பார்கள். "இங்கேயும் பாதி அப்படித்தான் வெப்பமாகுது சார்" என்பார்கள். இல்லை. பலகையை மெதுவாக உள்ளே விட்டால் மின்னோட்டம் மிகச் சிறியது, கம்பி சூடாவது புறக்கணிக்கத்தக்கது. அந்தப் பாதி உண்மையாகவே இயந்திர வேலை. பலகையைப் பிடித்து மெதுவாக விடுகிற உங்கள் கைக்கு அது வந்து சேருகிறது. விட்டுவிட்டால் பலகையின் வேகமாகிறது.

சரி, ஆற்றல் கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் இழுக்கிற கை எது? தகடுகளின் நடுவே மின்புலம் ஒரு தகட்டிலிருந்து மற்றதற்கு நேர் குறுக்காகப் போகிறது. அந்த மின்புலம் கண்ணாடியைத் தகடுகளை நோக்கி மேலும் கீழும் இழுக்கலாம். பக்கவாட்டில் உள்ளே இழுக்க அதற்கு வழியில்லை. இழுப்பு வருவது ஓரத்திலிருந்து. தகடுகளின் விளிம்பில் மின்புலக் கோடுகள் நேராக இல்லாமல் வெளிப்பக்கம் பிதுங்கி வளைந்திருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடியின் ஒரு பகுதி அந்த வளைந்த மின்புலத்தில் இருக்கிறது. அங்கே உள்ள மூலக்கூறுகள் முனைவாக்கம் பெறுகின்றன. நேர்த்தகட்டின் பக்கம் எதிர்முனை, எதிர்த்தகட்டின் பக்கம் நேர்முனை. அப்படிப்பட்ட இருமுனை எப்போதும் மின்புலம் வலுவாக உள்ள பக்கம் நகரப் பார்க்கும். தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதும் இதே கதைதான். வலுவான பக்கம் என்பது தகடுகளின் உள்பக்கம். தகடுகளின் குறிகளை மாற்றிப் போட்டால் இருமுனையும் திரும்பிக்கொள்ளும், இழுப்பு மாறாது. சூத்திரத்தில் V² என்று இருப்பதன் பொருள் அதுதான்.

ஆற்றல் வழியில் கணக்கிடும்போது இந்த விளிம்பு மின்புலத்தைப் பற்றி நாம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, இருந்தும் சரியான விடை வந்தது. பலகையை ஒரு செ.மீ. உள்ளே தள்ளினால் விளிம்பில் உள்ள படம் மாறுவதில்லை. நடுவில் காற்று இருந்த ஒரு செ.மீ. இடம் கண்ணாடியாகிறது, அவ்வளவுதான். அதனால் ஓரத்தின் சிக்கல் வித்தியாசத்தில் அடிபட்டுப் போகிறது. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. பலகையின் முனை தகட்டின் விளிம்புக்குப் பக்கத்தில், இடைவெளி அளவுக்குள் இருந்தால் இந்த எளிய சூத்திரம் பொருந்தாது. பலகையும் தகடும் ஒரே நீளம் என்றால், முழுக்க உள்ளே போய்ச் சேர்ந்ததும் இரு ஓரமும் எதிரெதிராக இழுக்கும், விசை பூச்சியம். உராய்வே இல்லாவிட்டால் வேகத்தில் வந்த பலகை மறுபக்கம் தாண்டிப் போய், திரும்ப இழுக்கப்பட்டு, ஊஞ்சல் மாதிரி ஆடும்.

"இதை வகுப்புல செஞ்சு காட்டலாமா சார்?" என்று என் மாணவி கேட்டாள். கண்ணாடிப் பலகையை வைத்துக் காட்டுவது கஷ்டம். 1.77 மில்லிநியூட்டன் என்றால் 0.18 கிராம் எடையின் அளவு. நம் கணக்கில் உள்ள கண்ணாடியோ 200 கிராம் இருக்கும். உராய்வே அதை அசையவிடாது. உரசாமலிருக்க மெல்லிய பலகையாகப் போட்டால் இன்னும் மோசம்: 2 மி.மீ. இடைவெளியில் 1 மி.மீ. கண்ணாடி, மீதி காற்று என்றால், மின்தேக்குத்திறன் ஐந்து மடங்கு ஆகாது, 1.67 மடங்குதான் ஆகும். விசை ஆறில் ஒரு பங்காகிவிடும். கண்ணாடியைத் துணியால் துடைத்தாலே அதில் மின்னூட்டம் ஒட்டிக்கொள்ளும். அதுவே பலகையை இழுத்து நம்மை ஏமாற்றும். கண்டுபிடிக்கும் வழி, தகடுகளின் குறியை மாற்றிப் பார்ப்பது. விசை மாறினால் அது ஒட்டிய மின்னூட்டத்தின் வேலை, நாம் தேடியது இல்லை.

இன்னொன்று. மின்கலத்தைக் கழற்றிவிட்டு, மின்னழுத்தம் விழுவதைப் பார்க்கலாம் என்று சாதாரண மல்டிமீட்டரை வைத்தால், ஆயிரம் வோல்ட்டைத் தாங்கும் மீட்டராகவே இருந்தாலும், முள்ளை வைத்த நொடியிலேயே எல்லாம் முடிந்துபோகும். மீட்டரின் உள்மின்தடை 10 மெகா ஓம் என்றால், 177 பிகோஃபாரட்டில் உள்ள மின்னூட்டம் சில மில்லிவினாடிகளில் அதன் வழியாக வடிந்துவிடும். அப்புறம் "மாறாத மின்னூட்டம்" எங்கே இருக்கிறது?

இதற்குப் பதில் திரவத்தை எடுத்துக்கொள்வது நல்லது. பிரெஞ்சு இயற்பியலாளர் பெல்லாவின் பெயரால் அழைக்கப்படும் சோதனை இது. இரண்டு தகடுகளைச் செங்குத்தாக நிறுத்தி, கீழ் நுனி எண்ணெயில் மூழ்கும்படி வைத்து மின்னழுத்தம் கொடுத்தால், எண்ணெய் தகடுகளின் நடுவே மேலேறும். திரவத்துக்கு நிலை உராய்வு கிடையாது. எடை ஒன்றுதான் எதிரி. டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய், ஒப்புமை விடுதிறன் 2.2, இடைவெளி 2 மி.மீ., 4000 வோல்ட் என்று கணக்குப் போட்டால் ஏற்றம் சுமார் 2.5 மி.மீ. நுண்புழை ஏற்றம் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கும். அதற்கு மேல் ஏறுவதை அளக்க வேண்டும். கவனியுங்கள், இங்கே மின் மூலம் இணைப்பில் இருக்கிறது, மின்னழுத்தம் மாறவில்லை, ஆனாலும் எண்ணெய் கீழே தள்ளப்படவில்லை, மேலே வருகிறது. அந்தப் பெண்ணின் கேள்விக்கு எண்ணெயே பதில் சொல்லிவிட்டது. இணைப்பைத் துண்டித்தால் எண்ணெய் துள்ளுவதோ சரிவதோ இல்லை. மின்னூட்டம் கசிந்து குறையக் குறைய மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் தம்பிகளா, 4000 வோல்ட் விளையாட்டு இல்லை. மின்னோட்டம் கட்டுப்படுத்தப்பட்ட சப்ளையும், விவரம் தெரிந்த ஆளும் இல்லாமல் வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

சொந்தங்களுக்குச் சொன்ன பாஸ்புக் கதை இதுதான். ஒரு வீட்டில் சம்பாத்தியம் கிடையாது, பழைய சேமிப்பில்தான் செலவு. பாஸ்புக்கில் இருப்பு குறைவதைப் பார்த்தாலே செலவு நடக்கிறது என்று தெரியும். அது கழற்றிய மின்கலம். இன்னொரு வீட்டில் மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறான். அம்மா அதில் சரிபாதியை வங்கியில் போடுகிறாள், சரிபாதியை வீட்டுக்குச் செலவழிக்கிறாள். பாஸ்புக்கை மட்டும் பார்த்தால் இருப்பு ஏறிக்கொண்டே போகும். "இருப்பு ஏறுதே, அப்ப இந்த வீட்டுல அடுப்பே எரியலையா?" என்று கேட்டால் எப்படி? எரிகிறது. மகன் அனுப்பிய மொத்தத் தொகையைக் கேட்டால்தான் கணக்கு தெரியும்.

இதையெல்லாம் போனில் சொல்லி முடித்ததும் என் மாணவி, "நாளைக்கு முதல் பீரியடே இதை எடுக்கிறேன் சார்" என்றாள். நான் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: "சூத்திரத்தை அழிச்சிடாதேம்மா. அந்தப் பொண்ணையே கரும்பலகைக்குக் கூப்பிட்டு, மின்கலத்தோட செலவை எழுதச் சொல்லு. 354-க்குப் பக்கத்துல 708-ஐ அவ கையாலேயே எழுதட்டும்."

பழைய வழக்கப்படி உங்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். மின்கலம் இணைந்திருக்கும்போது, முழுக்க உள்ளே போன பலகையை நீங்கள் கையால் மெதுவாக வெளியே இழுக்கிறீர்கள். நீங்கள் வேலை செய்கிறீர்கள், ஆனால் மின்தேக்கியின் ஆற்றலும் குறைகிறது. இரண்டும் எங்கே போய்ச் சேருகின்றன? எவ்வளவு? மேலே உள்ள எண்களையே வைத்துக்கொண்டு கீழே எழுதுங்கள். பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதக் கூடாது.